நிறுவனர் தூண்

அரங்கத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்து முழுதாக நான்கு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் கரியைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்து, நிறுவனருக்குப் பாராட்டு விழா எடுக்க எல்லாம் தயாராகிவிட்டது. விழாக் குழுவின் தலைவர் நிறுவனர். வரவேற்புரையை எழுதியவர் நிறுவனர். 'எதிர்பாராத இந்த அன்பில் திக்குமுக்காடிப் போனேன்' என்று தொடங்கும் ஏற்புரையும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

அவரை வீட்டில்கூட நிறுவனர் என்றுதான் சொல்வார்கள். மளிகைக் கடையில் தொடங்கி மூன்று கல்யாண அரங்கம் வரை எதையாவது நிறுவிக்கொண்டே இருப்பவர். நிறுவ எதுவும் இல்லாத வருடங்களில் சங்கம் நிறுவுவார்.

அவருடைய அண்ணன் மகள் கட்டட இன்ஜினீயர். நாற்பத்திரண்டு வயது, பதினெட்டு மாடிக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டவள். குடும்பத்தில் அவள் பெயர் பாப்பா. 'பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்' என்று யாராவது சொன்னால், கேட்கப்போவதில்லை என்று அர்த்தம். இந்த அரங்கத்தைக் கட்டும்போதும் அவளைக் கேட்கவில்லை. கழுத்தில் துண்டும் காதில் கடுக்கனுமாக ஒரு வடிவமைப்பாளரைத்தான் கேட்டார்கள்.

வெளியூர் வேலையிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தாள். பல் தேய்ப்பதற்குள் போன்.

"பாப்பா, கீழ கொஞ்சம் சூடு பட்டுப்போச்சு. நீ வந்து ஒரு பார்வை பார்த்துட்டு, எல்லாம் நல்லாயிருக்குன்னு மைக்கில ஒரு வார்த்தை சொல்லிடு. உங்கம்மாவுக்கு முன் வரிசையில சீட் போட்டிருக்கேன்."

"நான் பார்க்காம எப்படி சித்தப்பா நல்லாயிருக்குன்னு சொல்றது?"

"அதான் பார்க்கச் சொல்றேனே. பார்த்துட்டுச் சொல்லு."

கொஞ்சம் சூடு என்று அவர் சொன்னது இது: கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் பாதியை அலங்காரச் சாமான்களின் கிடங்காக்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் பூக்கள், பஞ்சு சோபாக்கள், தெர்மகோல் மயில்கள், பக்கத்தில் ஜெனரேட்டருக்கான டீசல். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் எரிந்திருக்கிறது.

மானேஜர் அவளுக்காகக் கீழே காத்திருந்தார். அவர் சித்தியின் தம்பி, அவளுக்கு மாமா முறை. நிறுவனர் எதைச் சொன்னாலும் தலையாட்டி ஆட்டி, தனியாக இருக்கும்போதும் தலை லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

"மேல பாரு பாப்பா, அநியாயத்தை" என்று கூரையைக் காட்டினார்.

மேல்மாடி அரங்கின் தளத்தை இரும்பு உத்தரங்கள் தாங்கிக்கொண்டிருந்தன. தீ எரிந்த பக்கத்தில் அந்த உத்தரங்களைக் காணவே சகிக்கவில்லை. கறுப்பும் சாம்பலுமாக, கருகிய ரொட்டி போல உப்பி, வெடித்து, அங்கங்கே பொருக்கு தொங்கியது.

"நீ ரெண்டு வருஷம் சண்டை போட்டு அடிக்க வெச்ச பெயின்ட்டுதான். அக்கினிக் காப்புப் பூச்சுன்னியே! சூடு பட்டதும் பொங்கி எப்படி நாறிக் கிடக்குது பாரு. மச்சான், பெயின்ட் கம்பெனிக்காரன் மேல கேஸ் போடணும்னு குதிக்கிறார்."

பாப்பா ஏணியைச் சாய்த்து ஏறினாள். சுத்தியலின் பின்முனையால் பொருக்கைக் கீறினாள். விரல்கடை ஆழத்துக்கு நுரை நுரையாக உதிர்ந்தது. அதற்கடியில் இரும்பு, அடிப்பூச்சின் சிவப்புகூடப் போகாமல் இருந்தது. நூல் பிடித்துப் பார்த்தாள். உத்தரம் வளையவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். குடும்ப விசேஷம் ஒவ்வொன்றிலும், 'சூடு பட்டால் பொங்குகிற பெயின்ட்டா? அதைக் குடிக்கலாமா?' என்று கேலி கேட்டுக் கேட்டு அடித்த பூச்சு அது.

"மாமா, பொங்குறதுதான் இதோட வேலை. அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்த பெயின்ட் இவ்வளவு பெரிசா உப்பி, நெருப்புக்கும் இரும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி நின்னிருக்கு. இது இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"இரும்பு எரியாதே?"

"எரியாது. குழையும். இரும்பு உருகுறதுக்கு ரொம்ப முன்னாடியே, ஐநூத்தைம்பது டிகிரி வாக்குல பாதி பலம் போயிடும். இந்த மாதிரி பஞ்சும் பிளாஸ்டிக்கும் எரிஞ்சா எண்ணூறு, தொள்ளாயிரம் போகும். மாடி மொத்தமும் தொட்டில் மாதிரி தொங்கியிருக்கும். அதுக்கு முன்னால பீம் நீளமாகி ரெண்டு பக்கத் தூணையும் வெளியே தள்ளியிருக்கும்."

"அப்ப பெயின்ட் கெட்டுப்போகலை?"

"செத்துப்போச்சு. ஆனா வேலையை முடிச்சுட்டுச் செத்துப்போச்சு. சுரண்டி எடுத்துட்டுப் புதுசா அடிக்கணும்."

மாமாவின் தலை ஆடியது. நிறுவனரிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

பாப்பா தூண்களுக்கு வந்தாள். அவை கான்கிரீட். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினாள். ணங், ணங் என்றன. நெருப்பை ஒட்டி நின்ற ஒன்றில் மட்டும் மூலைகள் பொத்தென்று ஒலித்தன. வெள்ளையைச் சுரண்டினால் மேல் ஓடு உதிர்ந்து, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. சிமென்ட்டுக்கு வெட்கம் வராது. முந்நூறு டிகிரியைத் தாண்டினால்தான் பெரும்பாலும் அந்த நிறம் வரும். ஆனால் உளியால் இன்னும் கொஞ்சம் தோண்டியதும் பழைய சாம்பல் நிறமும் கெட்டியான சத்தமும் வந்துவிட்டன. கம்பிக்கு மேல் நாற்பது மில்லிமீட்டர் போர்த்தியிருந்த கான்கிரீட், சூட்டைத் தன்னோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. போர்வை கிழிந்திருந்தது, உள்ளே படுத்திருந்தவனுக்குப் பங்கமில்லை.

மேலே மைக்கைச் சரிபார்க்கும் ஒருவர், "கைத்தட்டல் ஒத்திகை!" என்று அறிவித்தார். "தலைமை விருந்தினர் நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்கணும். இன்னொரு தடவை!" நானூறு பேர் எழுந்து தட்டினார்கள். உட்கார்ந்தார்கள். மறுபடியும் எழுந்து தட்டினார்கள்.

பாப்பாவுக்கு இன்னும் ஒரு தூண்தான் பாக்கி. தீ எரிந்த பகுதியின் ஓரத்தில், வாசலுக்கு எதிரே, மாடியின் மேடைக்கு நேர் கீழே நின்றது அது. நாலு பக்கமும் வெள்ளைப் பளிங்கு போர்த்தி, முன்பக்கத்தில் தங்க எழுத்துகளில் நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பு. மொத்தக் கீழ்த்தளத்திலும் பளபளவென்று, நெருப்பு என்ற ஒன்றைக் கேள்வியே படாதது போல நின்றது அது மட்டும்தான். பார்த்தவுடனே மனசு நிறைந்தது. பளிங்கைத் தட்டினாள். பளிங்கின் சத்தம்தான் வந்தது. மற்ற தூண்கள் தப்பித்துவிட்டன, இதுவும் அதே கான்கிரீட், அதே போர்வை. அடுத்த வாரம் விரிவாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்று உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதற்கு ஒன்றும் ஆகாது. மைக்கில் என்ன சொல்லலாம் என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டாள். பூச்சைப் பற்றி நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும், முன் வரிசையில் கேலி பேசிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள் என்றெல்லாம் நினைப்பு ஓடியது. நிறுவனரின் ரத்தம் அவளுக்குள்ளும் கொஞ்சம் இருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார். புதுச் சட்டை. அவருக்கும் மேடையில் ஒரு கேடயம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"எப்படி இருக்கு மேடம் நம்ம வேலை? தீயில பழைய மார்பிள் பூரா வெடிச்சு விழுந்துடுச்சு. மூணே நாள்ல புதுசு. அய்யா சொன்னாரு, எதைச் செய்யறீங்களோ இல்லையோ, என் தூணை முதல்ல செய்யுங்கன்னு."

"நல்லா ஒட்டியிருக்கீங்க. எங்கயும் துருத்தவே இல்லை."

பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மேஸ்திரி மலர்ந்துபோனார்.

"சும்மா ஒட்டினா வருமா? கல்லு ஒரு இஞ்ச் வெளியே துருத்தும். டிசைனர் சார் கட்டும்போதே சொல்லிட்டாரு, தூண் ஒல்லியா, கொடி மாதிரி தெரியணும், கல்லு வெச்ச மாதிரியே தெரியக் கூடாதுன்னு. அதனால நாலு பக்கமும் ஒரு இஞ்ச் கொத்தி எடுத்துட்டுத்தான் உள்ள கல்லைப் பதிச்சோம்."

பாப்பாவின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"எதைக் கொத்தி எடுத்தீங்க?"

"தூணைத்தான்."

"கட்டும்போதே?"

"ஆமா. அப்ப உசுரு போச்சு மேடம். கான்கிரீட்டு உளியைக் கடிச்சுடுச்சு. ஆனா இந்த வாட்டி பாருங்க, புதுக் கல்லு தடிமன் அதிகம், இன்னும் கொஞ்சம் கொத்தணும்னு ஆயிடுச்சு. ஒரே மதியத்துல முடிச்சேன். உளி வெச்சா கேக் வெட்டுற மாதிரி வந்துச்சு!" பெருமையாகக் கையை நீட்டினார். "முந்தின நாள் நானே உட்கார்ந்து உளியைத் தீட்டினேன். ஆயுதம் கூர்மையா இருந்தா..."

"மேஸ்திரி. கொத்தும்போது கம்பி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே. ரெண்டு இடத்துல லேசா வயிறு தள்ளி நின்னுச்சு, கல்லு உட்காரலை. நாலு தட்டு தட்டி உள்ள தள்ளிட்டோம்."

பாப்பா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தீப்பிடித்தபோதே போர்வை பாதிக்குமேல் போயிருந்த கம்பி. அதன்மேல் ஒட்டியிருந்த கல்லும் தீயின் முதல் சில நிமிடங்களிலேயே வெடித்து விழுந்திருக்கும். பிறகு ஒன்றரை மணி நேரம் கம்பியும் கான்கிரீட்டும் நெருப்போடு நேருக்கு நேர். உளியைக் கடித்த கான்கிரீட் கேக் ஆனது மேஸ்திரி தீட்டியதால் அல்ல.

"ஒரு கல்லைக் கழட்டுங்க. அடியில இருக்கிறதை. மெதுவா."

"அய்யோ மேடம், அய்யா கொன்னே போட்டுடுவாரு!"

அய்யா அந்த நேரத்தில்தான் படியிறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டு, மார்பில் பூ. பின்னால் மாமா.

"என்ன பாப்பா, ஓகேதானே?"

"சித்தப்பா, மேல இருக்கிறவங்களை இறக்கணும். இந்தத் தூண் போயிடுச்சு."

நிறுவனர் தூணைப் பார்த்தார். தூண் அவரைவிடப் புதுசாக இருந்தது.

"எங்க போச்சு? இங்கதானே நிக்குது? பாரும்மா, அந்தப் பெயின்ட்டு கண்றாவியா இருக்கே, அதை நல்லாயிருக்குங்கற. எது நல்லாயிருக்கோ அதைப் போயிடுச்சுங்கற. என்ன படிப்பு உன் படிப்பு?"

"சூடு ஆறிடுச்சுன்னா இரும்புக்குப் பலம் பெரும்பாலும் திரும்பி வந்துடும் சித்தப்பா. கான்கிரீட்டுக்கு வராது. உள்ள இருந்த ஈரம் போயி, பசை செத்து, மாவாகிக் கிடக்குது. ஆறின பிறகும் நாளுக்கு நாள் இன்னும் இளகும். இதுல மேஸ்திரி வேற சுத்திச் சுத்திக் கொத்தியிருக்கார். ஒரு கல்லைக் கழட்டிக் காட்டறேன், நீங்களே பாருங்க."

"அதுல என் பேர் இருக்கு."

"பேருக்குப் பின்னால இருக்கிறதைத்தான் பார்க்கணும்."

"நாளைக்குப் பார்க்கலாம். நெருப்பு முழுசா அணைஞ்சாச்சுன்னு தீயணைப்பு ஆபீசரே சொல்லிட்டுப் போனார்."

"நெருப்பு அணைஞ்சதுன்னு சொன்னார். கட்டடம் நிக்கும்னா சொன்னார்?"

"பாப்பா" என்றார் நிறுவனர், குழந்தைக்குச் சொல்வது போல. "விருந்தினர் வந்ததும், விழாவுக்கு நன்கொடை குடுத்த நூறு பேரும் மேடைக்கு வந்து என்னோட குரூப் போட்டோ எடுத்துக்கறாங்க. அது முடியட்டும்." ஏறிப் போய்விட்டார்.

நூறு பேர். மேடையில். இந்தத் தூணுக்கு நேர் மேலே.

மேலே மறுபடி ஒத்திகை. நானூறு பேர் எழுந்தார்கள். பளிங்குக்கும் தரைக்கும் இடையிலிருந்த கோட்டிலிருந்து மெலிசாகத் தூசு கசிந்தது. கைத்தட்டல் நின்றதும் நின்றது. மீண்டும் தட்டினார்கள். மீண்டும் கசிந்தது.

மேஸ்திரி அதைப் பார்த்தார். புதுச் சட்டையின் கையை மடித்தார். கடப்பாரையை அவரே கொண்டுவந்தார்.

அடிப் பளிங்கு நகர்ந்தபோது அதன் பின்னாலிருந்து கான்கிரீட் கட்டியாக விழவில்லை, கொட்டியது. இளஞ்சிவப்புப் பொடி. டார்ச் வெளிச்சத்தில் உள்ளே செங்குத்துக் கம்பிகள் இரண்டு வில் போல வெளியே வளைந்திருந்தன. அவற்றைச் சுற்றிக் கட்டியிருந்த வளையக் கம்பி ஒன்று அறுந்து வாய் பிளந்து கிடந்தது. பாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிளவு மயிரிழையாகக் கிளம்பி விரல் நீளம் மேலே ஓடியது.

"கடவுளே" என்றார் மேஸ்திரி. "நான்தான் கொத்தினேன்."

"அதை அப்புறம் அழுதுக்கலாம். இரும்பு ஜாக்கி இருக்கா?"

இருந்தது. கூரை வேலைக்குக் கொண்டுவந்த ஜாக்கிகள் பின்பக்கம் அடுக்கிக் கிடந்தன. திருகினால் உயரும் இரும்புக் குழாய்கள். பாப்பா இடத்தைக் காட்டினாள்: தூணுக்கு இரண்டு பக்கமும், உத்தரத்துக்கு நேர் கீழே, அடியில் கனமான பலகை போட்டு. மேஸ்திரி தன் ஆட்களைக் கூப்பிட்டார். பாப்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். வண்டி வர அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

"கத்திச் சொல்லிடலாமா?" என்றார் மாமா. அவர் தலை இப்போது ஆடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"இடியப்போகுதுன்னு கத்தினா நானூறு பேரும் முன் படிக்கு ஓடுவாங்க. முன் படி இந்தத் தூணைத் தொட்டுக்கிட்டுத்தான் இறங்குது."

"பின்னாடி சமையல்கட்டுப் படி இருக்கு. ஆனா அது வழியா யார் போவாங்க? மரியாதையா இருக்காதே."

பாப்பா ஒரு கணம் யோசித்தாள். பிறகு மாடிக்கு ஓடினாள். பின் படி வழியாக.

போட்டோகிராபர் மேடை ஓரத்தில் வெளிச்சம் போதவில்லை என்று முனகிக்கொண்டிருந்தார். அவர் காதில் பாப்பா சுருக்கமாகச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. ஆனால் நூற்றுக்கணக்கான கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியவர்; கூட்டத்தை நகர்த்தத் தெரிந்தவர். மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே! குரூப் போட்டோ இப்ப, வெளியில! கட்டடமும் அய்யா பேரும் பின்னால தெரியற மாதிரி. முன் படியில விருந்தினருக்காகக் கம்பளம் விரிச்சிருக்கு, யாரும் மிதிக்க வேண்டாம். எல்லோரும் பின்பக்கமா வாங்க. முன்னால வர்றவங்களுக்கு முன் வரிசை. இடம் கொஞ்சம்தான்!"

அரங்கம் ஒரு நொடி அசையவில்லை. அடுத்த நொடி, உயிருக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தால் என்ன வேகம் வந்திருக்குமோ அதைவிடக் கூடுதலாக வந்தது. ஆனால் தள்ளுமுள்ளு இல்லை. போட்டோவுக்குப் போகிறவர்கள் தலை கலையாமல் அல்லவா போக வேண்டும்? முழங்கையால் நாசூக்காக இடித்துக்கொண்டு, 'நீங்க முதல்ல' என்று சொல்லிக்கொண்டே முந்திக்கொண்டு, வரிசையாகப் பின் படியில் இறங்கினார்கள். சமையல்கட்டின் எண்ணெய்ப் பிசுக்கு யார் மரியாதையையும் குறைத்ததாகத் தெரியவில்லை.

அம்மா மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்தே இருந்தாள். முழங்காலில் அறுவை செய்து ஆறு மாதம்.

"நான் வரலை. வெயில்ல எடுத்தா நான் கறுப்பா விழுவேன்."

"அம்மா, எழுந்திரு."

"இந்த நாற்காலி மேல உங்க சித்தி கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கா. எழுந்தா போச்சு."

"அம்மா!" பாப்பா அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தாள். "கீழ தூண் நொறுங்கிக்கிட்டிருக்கு. நான் பொய் சொல்லலை."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றி எழுந்தாள். பாப்பா ஒரு பக்கம், மாமா மறுபக்கம். ஒவ்வொரு அடிக்கும் தரையின் ஓடு எங்கோ டக் என்றது. பாதி வழியில், "சின்ன வயசுல அந்தப் பெயின்ட்டு பெயின்ட்டுன்னு நீ..." என்று தொடங்கியவள், அது சின்ன வயதில்லை, போன வருடம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

படியில் அம்மாவை மாமாவிடம் விட்டுவிட்டு பாப்பா திரும்பினாள். மேடையில் நிறுவனர் தனியாக நின்றிருந்தார். கண்ணை மூடி ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர், அப்போதுதான் திறந்தார்.

"கூட்டம் எங்க?"

"கீழ. போட்டோவுக்கு."

"நான் இல்லாமலா?"

மேடைக்கு அடியில் ஏதோ முறிந்தது. பெரிய சத்தமில்லை. காய்ந்த கிளையை யாரோ முழங்காலில் வைத்து ஒடித்தது போல. மேடையில் வைத்திருந்த தண்ணீர்க் குவளை மெல்ல, தானாகவே, மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தது. நிறுவனர் அதைப் பார்க்கவில்லை. முன் படியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். கம்பளம் அவருக்காகத்தானே விரித்தது!

பாப்பாவுக்கு அவர் கோட்டைப் பிடித்து இழுக்கத்தான் தோன்றியது. இழுத்தால் நின்று வாதாடுவார். வாதாட நேரமில்லை.

"சித்தப்பா! முன் வாசல் கதவைச் சாத்திட்டாங்க, திறக்கிறதுக்குள்ள போட்டோ எடுத்துடுவாங்க. நடு நாற்காலியில டிசைனர் உட்கார்ந்துட்டார்!"

நிறுவனர் சட்டென்று திரும்பினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பின் படியை இரண்டு இரண்டாகத் தாண்டினார். பாப்பா அவர் பின்னால்.

கீழே மேஸ்திரி கடைசி ஜாக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். "போதும், வெளிய வாங்க!" என்று பாப்பா வாசலிலிருந்து கத்தினாள். "இன்னும் ஒரு சுத்து" என்றார். "வாங்கய்யா!" ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தார்.

வெளியே போட்டோகிராபர் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார். கட்டடத்தின் நெற்றியில் நிறுவனரின் பட்டங்களோடு சேர்ந்த பெயர் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நீண்டிருந்தது. "முழுப் பேரும் விழணும்னா இன்னும் பின்னால! இன்னும்! ரோட்டைத் தாண்டுங்க!" என்றார். அவ்வளவு நீளமான பெயரை வைத்துக்கொண்டதற்காக நிறுவனரைக் குறை சொல்ல இனி யாருக்கும் உரிமை கிடையாது. நானூறு பேரும் சாலைக்கு அப்பால் போய் நின்றார்கள், முன் வரிசைக்கு நாலைந்து நாற்காலியும் வந்து சேர்ந்தது. நிறுவனர் டிசைனரை எழுப்பப் போனார். டிசைனர் நாற்காலியில் இல்லை. நடு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நிறுவனர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"சிரிங்க" என்றார் போட்டோகிராபர்.

முதலில் தூசு வந்தது. சத்தம் அதற்குப் பிறகு. வாசல் கண்ணாடி முழுவதும் ஒரே வீச்சில் வெடித்துச் சிதறியது. மேடை இருந்த மூலை ஒரு சாண் இறங்கி, இறங்கி, குலுங்கி நின்றது. சிவப்புக் கம்பளத்தோடு முன் படி பாளமாகப் பிரிந்து சரிந்தது. நெற்றியிலிருந்த பெயரில் முன்பாதிப் பட்டங்கள் உதிர்ந்து விழுந்தன.

அவ்வளவுதான். மீதி நின்றது.

தீயணைப்பு வண்டி வந்து, உள்ளே போகலாம் என்று ஆகி, பாப்பா எட்டிப் பார்த்தபோது நிறுவனர் தூண் நடுவில் மண்டியிட்டது போல மடிந்து கிடந்தது. அதன் பாரத்தை இரண்டு பக்கத்து ஜாக்கிகள் வாங்கியிருந்தன. ஜாக்கிகளுக்குமேல், கருகிய ரொட்டியைப் போர்த்திய அந்த அசிங்கமான உத்தரம், கொஞ்சம் வளைந்து, விடாமல் மாடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. தீப்பிடித்த அன்று அது பலம் இழந்திருந்தால் இன்று எதைத் திருகியும் பயனில்லை. மேஸ்திரி அதன் கீழ் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கேடயத்தைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை. கொத்தச் சொன்ன டிசைனர் அன்று மதியமே வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

போட்டோ நன்றாக வந்திருந்தது. நானூறு பேரும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார்கள், தலைமயிர்தான் தெரிகிறது. நிறுவனர் ஒருவர் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குமேல் அவருடைய பட்டம் ஒன்று காற்றில் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறது. அதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறார். 'எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்தது. எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போங்கன்னு நான்தான் சொன்னேன்' என்பது வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் விளக்கம். பாப்பா மறுப்பதில்லை. அவர் சொல்லும்போது அம்மாதான் தொண்டையைச் செருமுவாள்.

புதுத் தூணைப் பாப்பா கணக்குப் போட்டாள். முன்னதைவிடப் பருமன். கம்பி கட்டி முடித்த அன்று அளவுகோலை வைத்துப் போர்வைக்கு இடம் இருக்கிறதா என்று நாலு பக்கமும் அளந்தவர் மேஸ்திரி. அவள் கேட்பதற்கு முன்பே. நிறுவனரும் வந்திருந்தார். கான்கிரீட் ஊற்றி முடிக்கும் வரை நின்று பார்த்தார்.

"இதுல கல்லு பதிக்கக் கூடாது, இல்ல?"

"கூடாது சித்தப்பா."

"ஒரு சின்னக் கல்லு?"

"ஆணிகூடக் கூடாது. வாசல் மதில்ல வெச்சுக்குங்க."

நிறுவனர் வாசல் மதிலருகே போனார். மேலும் கீழும் பார்த்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"பாப்பா" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்."